ஒளிப்படத்தில் பொருள் நீக்கமும் செங்கல் சுவரின் ஒழுங்கும்

ஒளிப்படத்தில் வேண்டாத பொருளை எடுத்துவிட்டு, அது மறைத்திருந்த இடத்தைச் சுற்றியுள்ள பின்னணியைக் கொண்டு நிரப்புவது பொருள் நீக்கம் எனப்படுகிறது. கடலோ வானமோ பின்னணியாக இருந்தால் இது எளிது. செங்கல் சுவரிலும் ஓடு பதித்த தரையிலும் ஒரே அமைப்பு சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதால், ஒரு கோடு சற்று விலகினாலும் கண்ணில் படும். 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையம் முதல் துறைமுகத்தை ஒட்டிய பழைய கிடங்குகள் வரை, வடசென்னையின் கட்டடங்களைப் படமெடுப்பவர்கள் சுவரொட்டி, மின்பெட்டி, கேபிள் ஆகியவற்றுடன் இந்தச் சிக்கலையும் எதிர்கொள்கின்றனர்.

கையால் திருத்திய காலம்

கண்ணாடித் தகடுகளில் படமெடுத்த காலத்தில், திருத்துபவர் நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் வேலை செய்தார். நெகட்டிவில் கருமை கூடினால் அச்சுப் படத்தில் அந்த இடம் வெளிறும். எனவே பென்சிலால் இருண்ட இடத்தை வெளிற வைக்க முடிந்ததே தவிர, வெளிறிய இடத்தை இருட்டாக்க முடியவில்லை. அதற்கு அச்சுப் படத்தில் தூரிகையால் மை தீட்ட வேண்டியிருந்தது. சுவரின் ஒவ்வொரு சாந்துக் கோட்டையும் கையால்தான் வரைந்தாக வேண்டும்.

1990இல் வெளிவந்த போட்டோஷாப் மென்பொருளில் 'ரப்பர் ஸ்டாம்ப்' என்ற கருவி இருந்தது. பின்னர் அது 'குளோன் ஸ்டாம்ப்' எனப் பெயர் மாறியது. படத்தின் ஒரு பகுதியை அப்படியே எடுத்து இன்னொரு பகுதியில் பதிக்க இது உதவியது. இதன்பின், வரையும் திறனைவிட எவ்வளவு தூரம் தள்ளி நகலெடுப்பது என்பதே முக்கியமாயிற்று.

தூரத்தைக் கணக்கிடுதல்

'ஆங்கிலக் கட்டு' முறைச் சுவரில் ஒரு வரிசையில் கல்லின் நீளப்பக்கமும், அடுத்த வரிசையில் அதன் குறுகிய தலைப்பக்கமும் தெரியும். ஆகவே அமைப்பு இரண்டு வரிசைக்கு ஒருமுறைதான் திரும்ப வரும். நேராக எடுத்த ஒரு படத்தில், சாந்தையும் சேர்த்து ஒரு கல்லின் நீளம் 80 பிக்சல், ஒரு வரிசையின் உயரம் 40 பிக்சல் என்று கொள்வோம். அதில் ஒரு சுவரொட்டியை நீக்க, பக்கவாட்டில் 80, 160, 240 எனவும், மேலோ கீழோ 80, 160 எனவும் தள்ளியே நகலெடுக்க வேண்டும். மேலே 40 பிக்சல் மட்டும் தள்ளினால் கிடைக்கோடுகள் சரியாகவே பொருந்தும். ஆனால் நீளப்பக்க வரிசையில் தலைப்பக்கக் கற்கள் வந்து உட்கார்ந்துவிடும். இது பலரும் கவனிக்கத் தவறும் பிழை. சரிபார்க்க, செங்குத்துச் சாந்துக் கோடுகளை ஒன்றுவிட்டு ஒரு வரிசையாக மேலிருந்து கீழே பார்த்தால் போதும். அவை ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும்.

தரையில் இந்தக் கணக்கு நேரடியாகப் பொருந்தாது. தொலைவிலுள்ள ஓடுகள் படத்தில் சிறியவையாகத் தெரிவதால், இடைவெளியும் குறைந்துகொண்டே போகும். 2005இல் வந்த போட்டோஷாப் பதிப்பில் 'வேனிஷிங் பாயின்ட்' வசதி சேர்ந்தது. தரையின் மேல் நான்கு மூலைகளைக் குறித்துவிட்டால், நகலெடுக்கும் பகுதி தொலைவுக்கேற்பச் சுருங்கியும் விரிந்தும் பதியும்.

கணினியே நிரப்பிய காலம்

2003இல் கிரிமினிசியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முறை, ஓட்டையின் விளிம்பில் முட்டும் கோடுகளை முதலில் நீட்டித்து, பிறகு மற்ற இடத்தை நிரப்பியது. 2009இல் வெளியான 'பேட்ச்மேட்ச்' முறை பொருத்தமான துண்டுகளை மிக விரைவாகத் தேடியது. அதன் பயனாக அடுத்த ஆண்டே போட்டோஷாப்பில் தானியங்கி நிரப்பல் வந்தது. இவை அக்கம்பக்கத்தைப் பார்த்தனவே தவிர, கற்களை எண்ணவில்லை. எனவே பெரிய இடத்தை நிரப்பும்போது, இரு பக்கமும் தனித்தனியே சரியாக வளர்ந்த வரிசைகள் நடுவில் பொருந்தாமல் போகக்கூடும். ஜியா-பின் ஹுவாங், நரேந்திர அஹுஜா உள்ளிட்டோர் 2014இல் வெளியிட்ட முறை, படத்திலுள்ள தளங்களின் சாய்வையும் அமைப்பு திரும்ப வரும் இடைவெளியையும் முதலில் கண்டறிந்து, அதன்படி நிரப்பியது. கைவேலையில் செய்த அதே கணக்கைத்தான் இங்கு கணினி செய்தது.

வரம்பு

கோடுகள் பொருந்தினாலும் ஒரே கறையோ உடைந்த மூலையோ இரண்டு இடங்களில் தெரிந்தால் நகல் வெளிப்பட்டுவிடும். அதனால் இரண்டு மூன்று இடங்களிலிருந்து மாற்றி மாற்றி எடுப்பது வழக்கம். வெயிலும் நிழலும் மாறும் சுவரில், நிறம் நெருங்கிய கற்களையே எடுக்க வேண்டும்.

எவ்வளவு திறமையாக நிரப்பினாலும், சுவரொட்டிக்குப் பின்னால் உண்மையில் இருந்தது படத்தில் வராது. அங்கே விரிசலோ, அடைக்கப்பட்ட சன்னலோ, வேறு காலத்தில் மாற்றிக் கட்டிய பகுதியோ இருந்திருக்கலாம். பழைய கட்டடத்தைப் பழுதுபார்ப்பவர் திருத்திய படத்தை நம்பி வரிசைகளை எண்ணினால், இல்லாத சுவரை அளந்தவராவார். ஆகவே ஆவணப் படங்களில் மூலப்படத்தைத் தனியே பாதுகாத்து, நீக்கிய இடத்தைக் குறிப்பிடுவது அவசியம்.