ஹைப்பர்வைசர்

ஒரே கணினியில் பல இயங்குதளங்களை ஓடவைத்து, வன்பொருள் முழுவதும் தனக்கே உரியது என்று ஒவ்வொன்றையும் நம்பவைக்கும் மென்பொருள். ஐபிஎம் பெருங்கணினிகளில் 1960களில் பிறந்தது. இரு வகைப் பிரிவு 1970களின் தொடக்கத்தில் ராபர்ட் கோல்ட்பர்க் தம் ஹார்வர்டு ஆய்வேட்டில் வகுத்தது. முதல் வகை நேராக வன்பொருள்மீது அமரும். சென், விஎம்வேர் இஎஸ்எக்ஸ் இவ்வகை. இரண்டாம் வகை, விண்டோஸ் அல்லது லினக்ஸ்மேல் ஒரு நிரலாக ஓடும். மலாக்கா கல்லூரி மாணவர் தம் மடிக்கணினியில் நிறுவும் விர்ச்சுவல்பாக்ஸ் இவ்வகை. 2007இல் லினக்ஸ் கருவுக்குள் சேர்ந்த கேவிஎம் இரண்டிலும் சரியாகப் பொருந்துவதில்லை.

1974இல் கோல்ட்பர்கும் ஜெரால்டு போபெக்கும் ஒரு நிபந்தனை வைத்தனர். இயந்திரத்தின் நிலையைத் தொடும் ஆணை எதுவாயினும், அதிகாரம் குறைந்த நிலையில் ஓடும்போது பொறியில் சிக்கி ஹைப்பர்வைசரிடம் வரவேண்டும். இன்டெலின் எக்ஸ்86 இதில் தோற்றது. அதில் இத்தகைய 17 ஆணைகள் சிக்காமல் நழுவுவதாக 2000இல் ஓர் ஆய்வு காட்டியது.

`POPF` நல்ல எடுத்துக்காட்டு. இயங்குதளத்தின் கரு பூச்சிய வளையத்தில் இந்த ஆணையை இட்டால், குறுக்கீடுகளை ஏற்கும் கொடி மாறும். ஹைப்பர்வைசரின்மேல் ஓடும் விருந்தினர் கருவை ஒன்றாம் வளையத்துக்கு இறக்கிவிட்டால் கொடி மாறாது, பிழையும் எழாது. குறுக்கீடு நின்றுவிட்டதாகக் கரு நம்பும், ஹைப்பர்வைசருக்கோ ஒன்றும் தெரியாது. விஎம்வேர் 1999இல் கருவின் குறிமுறையை ஓடும்போதே மாற்றி எழுதி இதைத் தாண்டியது. உண்மையிலேயே துணிச்சலான வழி.

2005இல் இன்டெலும் 2006இல் ஏஎம்டியும் செயலிச் சில்லிலேயே தீர்வு தந்தன. இன்டெல் முறையில் வளையங்களுக்கு அப்பால் இரு நிலைகள் உண்டு. விருந்தினர் கரு தன் பூச்சிய வளையத்திலேயே ஓடும், ஆனால் தாழ்ந்த நிலையில். மேல்நிலை ஹைப்பர்வைசருக்கு. `POPF` இப்போது விருந்தினரின் சொந்தக் கொடியை மட்டும் மாற்றும், பொறியே தேவையில்லை. `CPUID` போன்ற ஆணை வந்தால் செயலி விருந்தினர் நிலையை நினைவகத்திலுள்ள ஒரு கட்டமைப்பில் சேமித்து, வெளியேறிய காரணத்தையும் குறித்து, ஹைப்பர்வைசரிடம் தாவும். அது விடையை நிரப்பியபின் விருந்தினர் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

ஒவ்வொரு வெளியேற்றத்துக்கும் நேரம் செலவாகும். முதல் தலைமுறைச் சில்லுகளில் அது மிகுதி. 2006இல் விஎம்வேர் பொறியாளர்கள் அளந்தபோது பழைய மொழிபெயர்ப்பு முறையே பல சோதனைகளில் முந்தியது. நினைவகப் பக்க அட்டவணைகளையும் சில்லே கவனிக்கத் தொடங்கியபின்தான் நிலை மாறியது.

விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 (2019) முதல் சில்லின் இந்த மெய்நிகராக்க வசதியில்லாமல் இயங்காது. பயாஸில் அது அணைந்திருந்தால் `VERR_VMX_MSR_ALL_VMX_DISABLED` என்ற பிழை வரும். பிழை ஏதுமில்லாமல் மெய்நிகர் கணினி ஊர்ந்தால், சாளரத்தின் அடியில் பச்சை ஆமைச் சின்னம் உள்ளதா எனப் பார்க்கவேண்டும். இருந்தால், விண்டோஸின் ஹைப்பர்-வி செயலியின் அந்த மேல்நிலையை முன்பே பிடித்துவிட்டது. அந்த விண்டோஸே அப்போது ஒரு முதல் வகை ஹைப்பர்வைசரின்மேல் ஓடிக்கொண்டிருக்கிறது.