பாரத்தை இடம் மாற்றிய மாக்ஸ்வெல்

1864இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், சட்டகங்களின் விறைப்பைக் கணக்கிடுவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு சிறு தேற்றம் இருந்தது. ‘அ’ என்ற இடத்தில் வைத்த பாரத்தால் ‘ஆ’வில் எவ்வளவு தொய்வு வருமோ, அதே பாரத்தை ‘ஆ’வில் வைத்தால் ‘அ’வில் அவ்வளவே வரும். பாலம் கட்டுபவர்கள் பல ஆண்டுகள் அதைக் கவனிக்கவில்லை. 1872இல் இத்தாலியரான என்ரிக்கோ பெத்தி அதை எல்லா மீள்தன்மைப் பொருள்களுக்கும் விரித்தார். 1874இல் ஜெர்மானியரான ஓட்டோ மோர் தானாகவே அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார்.

காரணம் எளிது. முதலில் ‘அ’வில் பாரத்தை வையுங்கள், பிறகு ‘ஆ’வில். அடுத்து வரிசையை மாற்றி வையுங்கள். கடைசியில் உத்தரம் வளைந்து நிற்கும் நிலை ஒன்றுதான், அதில் சேர்ந்த ஆற்றலும் ஒன்றுதான். ஒவ்வொரு பாரமும் தன் தொய்வில் செய்த வேலை இரு கணக்கிலும் பொது. அதைக் கழித்தால், முன்பே நிற்கும் பாரம் பின்னால் வந்த பாரத்தால் இறங்கிய தூரம் மட்டும் மிஞ்சும். பாரங்கள் சமம் என்றால் அந்தத் தூரங்களும் சமமாகத்தானே இருக்க வேண்டும்!

பயன் எங்கே? இரு முனையிலும் தாங்கி நிற்கும் 8 மீட்டர் உத்தரம்; EI = 20,000 kN·m². இடது முனையிலிருந்து 2 மீட்டரில் 20 கிலோநியூட்டன் பாரம். நடுவில் தொய்வு எவ்வளவு? நேராகப் போட்டால் சமச்சீரற்ற பாரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். பாரத்தை நடுவுக்கு நகர்த்திவிட்டால் எல்லாப் பாடநூலிலும் உள்ள வளைவு கிடைக்கும் (நடு வரைக்கும் பொருந்தும்):

y = P x (3L² − 4x²) / (48 EI)

x = 2 என்று போட்டால் 7.33 மி.மீ. அதுவே நாம் கேட்ட நடுத் தொய்வு. உத்தரத்தில் ஐந்து பாரங்கள் நின்றாலும் இந்த ஒரே வளைவு போதும். ஒவ்வொரு பாரத்துக்கும் அதன் x, அதன் P போட்டுக் கூட்ட வேண்டியதுதான். பாதிக்கு அப்பால் நிற்கும் பாரத்துக்கு வலது முனையிலிருந்து x அளக்க வேண்டும்.

மாணவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பாரத்துக்கு நேர் கீழே தொய்வு P a² b² / (3EIL), அதாவது 6.0 மி.மீ. 7.33 அதோடு ஒத்துப்போகவில்லையே என்று குழம்ப வேண்டாம். தேற்றம் இணைப்பது எதிரெதிர் இடங்களின் தொய்வுகளை மட்டுமே. மிக அதிகத் தொய்வு எங்கே என்றும் அது சொல்லாது. இங்கே அது இடது முனையிலிருந்து சுமார் 3.53 மீட்டரில், 7.45 மி.மீ. தாங்கிகளை இரு கணக்கிலும் மாற்றாமல் வையுங்கள். எஃகு நெகிழ்ந்து நிலையாக வளையத் தொடங்கிவிட்டால் இந்தத் தேற்றத்தைத் தொடாதீர்கள்.