துலாப் பாட்டின் ஊர் எது?

ஊர் பேர் தெரியாத பாட்டொன்று நம் கைக்கு வருகின்றதென வைத்துக்கொள்வோம். பட்டையால் நீர் இறைக்கும் பாட்டு என்பது மட்டும் விளங்குகின்றது. அது யாழ்ப்பாணத்ததா, வன்னியதா, அன்றி அக்கரையிலிருந்து வந்ததா?

பலர் முதலடியைப் பார்ப்பர். பிள்ளையாரைக் கும்பிட்டுத் தொடங்கினால் நம்மூர்ப் பாட்டென்று மகிழ்வர். அது சான்றாகாது. தமிழ்நாட்டு உழவனும் ஏற்றப் பாட்டைப் பிள்ளையாரை அழைத்தே தொடங்குவான்.

இனித் தொழிற் பெயர்களைப் பார்ப்போம். ஏற்றம், சால், கமலை என்பன அக்கரைப் பாட்டுகளிற் பயில்வன. துலா, ஆடுகால், பனையோலைப் பட்டை என்பன நம்மவை. ஆயினும் துலா என்ற சொல் தமிழ்நாட்டிலும் சில இடங்களில் உண்டு. பொருட்பெயர்கள் தோணியேறிக் கடல் கடப்பன. அவற்றை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறலாகாது.

இடம் பெயராதவை சின்னஞ்சிறு சொற்கள். இலக்கணம் அ, இ, உ என மூன்று சுட்டுக் கூறும். அவற்றுள் உகரச் சுட்டு தமிழ்நாட்டுப் பேச்சில் மறைந்தது. நாமோ உது, உவன், உங்கை என்று நாள்தோறும் பேசுகின்றோம். பாட்டில் ‘உது’ வந்தால் அது பெருஞ் சான்று. ஆனால் பாடுபவர் தம் வாய்க்கேற்பச் சொல்லை மாற்றியும் இருக்கலாமே! அதற்கொரு சோதனை உண்டு. அடியில் ‘ஊற்று’ என்ற சொல்லுக்கு மோனையாக ‘உது’ நிற்கின்றதென்க. அதை ‘அது’ என மாற்றிப் பாருங்கள். மோனை கெட்டால், ‘உது’ பாட்டோடு பிறந்த சொல்லாதல் கூடும். கெடாவிட்டால், பின்னர் நுழைந்ததோ என ஐயுறலாம்.

இவ்வளவும் ஈழத்து வடபகுதி வரையே நம்மைக் கொண்டுவந்து விடும். வன்னியார் பேச்சும் நம் பேச்சுக்கு அண்ணியதே. அங்கிருந்து வழிகாட்டுவது தொழில். வன்னி வயலுக்குக் குளத்து நீர் வாய்க்காலில் தானே பாயும். குடாநாட்டிலோ வற்றாத ஆறில்லை, சுண்ணக்கல்லைத் தோண்டிய கிணறே கதி. ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். ஒருவர் கிணற்று வாயில் நின்று பட்டையைக் கவிழ்ப்பார். இன்னொருவர் பாத்திக்குத் தண்ணீர் மாறுவார். பட்டை தாழ்ந்து நிரம்பி எழும் வரைக்கும் பாட்டிலும் ஓர் இடைவெளி விழும். இறைத்த பட்டைகளின் எண்ணிக்கையும் அடிதோறும் ஏறிவரும். உகரச் சுட்டும் இந்த நடையும் ஒருங்கே அமைந்த பாட்டைக் குடாநாட்டுத் தோட்டப் பாட்டெனத் துணியலாம்.

காலத்தைத் துணிவது கடினம். புகையிலை ஐரோப்பியர் வருகையோடு கீழ்த்திசைக்கு வந்த பயிர். ஆகவே புகையிலைக் கன்றைப் பாடும் அடி 16-ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதாகாது. ஆனால் அந்த அடி ஒன்றுக்கே அது பொருந்தும். பழைய பாட்டிற் புதிய அடி சேர்ப்பது பாடுவோர் வழக்கம்.

நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் துலா மிதிப்போர் அருகினர். இன்று முதியவர் ஒருவரைப் பாடச் சொன்னால், திண்ணையிலிருந்து இடைவெளியின்றிப் பாடி முடித்துவிடுவார். சொல் கிடைக்கும், நடை கிடையாது. பாட்டை எழுதிக்கொள்ளும் இளைஞர், “எந்த இடத்தில், ஐயா, பட்டை கவிழும்?” என்று கேட்டு, அங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.