தரவுத்தளமும் அதன் தனிக் காப்புநகலும்

இணையதளத்தில் நாளுக்கு நாள் மாறும் உள்ளடக்கத்தை அட்டவணைகளாக வைத்திருப்பது தரவுத்தளம். தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியில், மல்லாங்கிணறு போன்ற ஓர் ஊரைப் பற்றிய கட்டுரை தனிக் கோப்பாக இருப்பதில்லை. அதன் சொற்கள், ஒவ்வொரு திருத்தத்தையும் யார் எப்போது செய்தார் என்ற வரலாறு, பயனர் கணக்குகள் ஆகியவை தரவுத்தளத்தில் உள்ளன. படங்களும் நிரல்களுமே கோப்புகள். கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் மிஞ்சுவது சொற்களற்ற தளம்.

சர்வர் முழுவதையும் நகலெடுத்தால் போதாதா? தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்புகளை நகலெடுத்தால், ஒரு பகுதி பழையதும் மறுபகுதி புதியதுமாகி, நகல் திறக்காமலே போகலாம். `mysqldump --single-transaction` InnoDB அட்டவணைகளின் ஒரே கணத்து நிலையை எடுத்துத் தரும். இன்னொரு சர்வரில் உடனுக்குடன் பிரதி ஓடுகிறதே என்பது அடுத்த வாதம். தவறுதலாக அழித்த பதிவு அந்தப் பிரதியிலும் உடனே அழிந்துவிடும். அது பழுதுக்குத் துணை, பிழைக்கு அல்ல.

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் தளத்தில் ஒரு பொறியாளர் துணைச் சர்வர் என்றெண்ணி முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்தார். பயனர்களின் நிரல் களஞ்சியங்கள் கோப்புகளாகத் தனியே இருந்ததால் தப்பின. அன்றாடக் காப்புநகலோ பழைய பதிப்பு `pg_dump` காரணமாகத் தோல்வியுற்றே வந்திருந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச்சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த நகல்தான் உதவியது. இடைப்பட்ட பதிவுகள் போயின. நகலை வேறொரு சர்வரில் மீட்டு, அதன் கடைசிப் பதிவின் தேதியைப் பார்த்திருந்தால் இந்தக் கோளாறு முன்பே தெரிந்திருக்கும்.