குற்றப்பிரேரணையும் நம்பிக்கையில்லாத் தீர்மானமும்

‘இம்பீச்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், காலில் விலங்கு பூட்டுவதைக் குறித்த லத்தீன் சொல். இலங்கைத் தமிழர் இதைக் குற்றப்பிரேரணை என்கிறார்கள். நாம் சொல்லும் ‘பதவிநீக்கத் தீர்மானம்’ முடிவை மட்டும் சொல்கிறது. அவர்கள் சொல்லில் காரணமும் இருக்கிறது. குற்றம் சாட்டி, பதில் கேட்ட பிறகுதான் நீக்கலாம்.

நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் குற்றமே வேண்டாம். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் தாமே கோரிய நம்பிக்கை வாக்கெடுப்பில் 269க்கு 270 என்று தோற்றார். ஒரே ஒரு ஓட்டு! அவர்மேல் எந்த வழக்கும் இல்லை. எண்ணிக்கை போதவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டு ஊர்களிலும் இந்த இரண்டும் உண்டு. ஒன்றியத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் கவுன்சிலர்கள். அதனால் அவர்களே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரலாம். ஊராட்சித் தலைவரோ மக்கள் நேரடியாக ஓட்டுப்போட்டு வந்தவர். வார்டு உறுப்பினர்களுக்குப் பிடிக்காமல் போனால் மட்டும் போதாது. 1994 ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவுப்படி, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பது போன்ற குற்றச்சாட்டுக்கு ஆட்சியர் விளக்கம் கேட்பார். விளக்கம் திருப்தி தராவிட்டால் தாசில்தார் கூட்டம் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பதிவுசெய்வார். பெயர் என்னவானாலும், அது ஊரளவிலான குற்றப்பிரேரணைதான்.