பெல்லாரி சாலையில் ஒரு மாத்திரை

பெங்களூரு பெல்லாரி சாலையில் அவலான் என்றொரு பழைய மாளிகை இருக்கிறது. மைசூர் மகாராஜா வசமிருந்த கட்டடம். 1960-ல் நேரு அங்கே தேசிய காசநோய் நிறுவனத்தைத் திறந்துவைத்தார். பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்த டென்மார்க்காரர் ஹாஃப்டான் மாலரும், சமூகவியல் ஆய்வாளர் டெபபர் பானர்ஜியும் அங்கே வேலை பார்த்தவர்கள். சானடோரியத்தில் படுக்கை கிடைக்காத லட்சக்கணக்கான கிராமத்து நோயாளிகளுக்கு எந்த மாத்திரையைக் கொடுப்பது என்பது அவர்கள் முன்னிருந்த கேள்விகளில் ஒன்று.

வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்பதற்குச் சென்னையிலிருந்து ஆதாரம் வந்திருந்தது. 1956-ல் தொடங்கிய சென்னை ஆய்வில் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை சானடோரியத்திலும் மற்றதை வீட்டிலும் வைத்து, ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. கொடுத்த மருந்து ஐசோனியசிட், பாஸ் என்ற இரண்டு. ஏன் இரண்டு? அதற்கான பதில் லண்டனில் ஏற்கெனவே கிடைத்திருந்தது.

1948-ல் வெளியான பிரிட்டிஷ் சோதனையில் 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார்கள். 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் ஊசி போட்டவர்களில் 4 பேர் இறந்தார்கள், மற்ற பக்கம் 14 பேர். பெரிய வெற்றிதான். ஆனால் பிறகு கோழையை வளர்த்துப் பார்த்தபோது, ஊசி போட்டவர்களில் பெரும்பாலோரிடம் ஸ்ட்ரெப்டோமைசினுக்கு மசியாத கிருமிகள் பெருகியிருந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல இரு பிரிவினருக்கும் இடையிலிருந்த இடைவெளி பெருமளவு குறைந்துபோனது.

கணக்கு எளிது. நுரையீரலில் பொந்து விழுந்த நோயாளியின் உடம்பில் ஏறத்தாழ பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கும். பத்து லட்சத்தில் ஒன்று, மருந்தைப் பார்க்கும் முன்பே, தற்செயலாக அதற்கு மசியாததாகப் பிறந்திருக்கும். அப்படியானால் பத்துக் கோடியில் நூறு. மருந்து மற்றதையெல்லாம் கொன்றதும் அந்த நூறும் தடையின்றிப் பெருகும். இரண்டாவது மருந்துக்கும் அதே கணக்கு என்று வையுங்கள். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மசியாத கிருமி லட்சம் கோடிக்கு ஒன்றுதான். பத்துக் கோடியில் அது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் இந்தப் பெருக்கல் செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு மருந்தும் கிருமியின் வெவ்வேறு இடத்தைத் தாக்க வேண்டும். ஒரே மாற்றத்தால் கிருமி இரண்டிலிருந்தும் தப்பிவிடக் கூடாது.

அன்று கையிலிருந்த மருந்துகள், யாரும் திட்டமிடாமலே, அப்படித்தான் அமைந்திருந்தன. ஸ்ட்ரெப்டோமைசின் புரத உற்பத்தியில் கை வைக்கிறது. கிருமியின் ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு மரபுச் செய்தியைத் தப்பாகப் படிக்க வைக்கும். அரைகுறைப் புரதங்கள் உருவாகும். நம் ரைபோசோம் அமைப்பில் வேறு என்பதால் நாம் தப்புகிறோம், முழுசாக அல்ல: காதின் உட்பகுதி கெட்டு, தலைசுற்றலும் தள்ளாட்டமும் வந்தவர்கள் பலர்.

பாஸ் ஃபோலேட் பாதையை அடைப்பது. பெரும்பாலான பாக்டீரியாக்கள் தமக்கு வேண்டிய ஃபோலேட்டைத் தாமே செய்துகொள்கின்றன. நாமோ கீரையிலிருந்தும் பருப்பிலிருந்தும் சாப்பிட்டுப் பெறுகிறோம். ஆகவே அந்தத் தயாரிப்பை நிறுத்தினால் கிருமிக்கு மட்டும்தான் பட்டினி. சல்ஃபா மருந்துகளின் சூட்சுமமும் இதுவே. கிருமி தன் மூலப்பொருள் என்று நம்பி பாஸை எடுத்துக்கொள்ளும், வேலை கெடும். ஆனால் ஒரு நாளைக்குப் பத்துக் கிராம் அளவு விழுங்க வேண்டும், குமட்டலும் வயிற்றுப்போக்கும் உறுதி. எனவே பலர் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். சென்னை ஆய்வில் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார்கள். நிறம் ஊதாவாக மாறினால் பாஸ் உள்ளே போயிருக்கிறது.

ஐசோனியசிட் செல்சுவருக்கு எதிரானது. பெனிசிலினும் சுவரைத்தான் தாக்கும், ஆனால் காசநோய்க் கிருமியிடம் அது எடுபடாது. அந்தக் கிருமி பெனிசிலினைச் சிதைக்கும் நொதி வைத்திருக்கிறது. போதாததற்கு மெழுகு போன்ற தடித்த மேலுறை வேறு. அந்த மெழுகின் முக்கியப் பொருளான மைக்காலிக் அமிலம் உருவாவதை ஐசோனியசிட் நிறுத்துகிறது. நம் உடலில் அந்த அமிலமே இல்லை. ஆனால் இந்த மருந்து விழுங்கிய வடிவில் வேலை செய்யாது. கிருமியின் சொந்த நொதி ஒன்றுதான் அதைச் செயல்படும் வடிவுக்கு மாற்றித் தருகிறது. அந்த நொதியின் மரபணு பழுதானால், கிருமி தப்பிவிடும். தன் கொலைக்குத் தானே உதவுவதை நிறுத்தினால் போதும்.

பாஸ் விலை அதிகம், விழுங்குவதும் கஷ்டம். ஆகவே 1962-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரவலாகப் போனது ஐசோனியசிட்டும் தயாசெட்டசோனும் சேர்ந்த மலிவு மாத்திரை. ஓராண்டுக்கு மேல், நாள்தோறும். இங்கேதான் எனக்கு இடிக்கிறது. தயாசெட்டசோனும் மைக்காலிக் அமிலத் தயாரிப்பையே தடுக்கிறது என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெளிவானது. இரண்டையும் செயல்பட வைக்கும் நொதிகள் வேறு என்பதால் கணக்கு முற்றாக இடிந்துவிடவில்லை. ஆனாலும் ஒரே சுவரில் இரண்டு பேரை நிறுத்திவிட்டு, ரைபோசோமையும் மரபணு வேலையையும் காவலில்லாமல் விட்டதுதான். திட்டம் வகுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஏழை நாட்டின் பட்ஜெட்டுக்குள் கிடைத்தது அது. தோல் வெந்து உரியும் எதிர்விளைவு எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஆபத்தாக முடிந்ததால், 1990-களில் தயாசெட்டசோன் கைவிடப்பட்டது.

நான்காவது வகை, நியூக்ளிக் அமில வேலையை நிறுத்துவது, ரிஃபாம்பிசினுடன் வந்தது. மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. எழுதும் நொதியை அது அடைத்துவிடும். சிகிச்சைக் காலம் ஆறு மாதமாகக் குறைந்தது இதனால்தான் சாத்தியமாயிற்று. மருந்தைச் சாப்பிட்டாரா என்று பார்க்க ஃபெரிக் குளோரைடும் வேண்டாம். சில மணி நேரத்தில் சிறுநீரே ஆரஞ்சு நிறமாகும். இன்று மாவட்ட மருத்துவமனைகளில் கோழையைப் போட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் பதில் சொல்லும் கருவி, அந்த நொதியின் மரபணுவில் ஒரு குறுகிய பகுதியைத்தான் படிக்கிறது. ரிஃபாம்பிசினுக்கு மசியாத கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை அங்கேதான் மாறியிருக்கும். ஆனால் ஐசோனியசிட்டுக்கு மட்டும் மசியாத கிருமி இந்தச் சோதனையில் 'சாதாரணம்' என்றே வந்துவிடும். ஆறு மாதச் சிகிச்சையில் அங்கேதான் ஓட்டை.

கதை பெல்லாரி சாலைக்கே திரும்புகிறது. அதே சாலையில் வடக்கே, ஹெப்பாலில் அஸ்ட்ராஜெனிக்காவின் ஆய்வுக்கூடம் இருந்தது. 2003-லிருந்து காசநோய் மருந்துகளைத் தேடிவந்தது. அங்கே பிறந்த அசாயிண்டோல் வகைச் சேர்மங்கள் செல்சுவரின் இன்னொரு கல்லை, மெழுகுக்கு அடியில் வரும் அராபினோஸ் சர்க்கரையை உண்டாக்கும் நொதியைத் தடுத்தன. எத்தம்பியூட்டால் என்ற பழைய மருந்து அந்தச் சர்க்கரையைச் சுவரில் கோக்கும் கட்டத்தைத் தடுக்கிறது. அசாயிண்டோல் அதற்கு ஒரு படி முன்னாலேயே நிறுத்துகிறது. ஐசோனியசிட்டிலிருந்து தப்பக் கிருமி கற்ற வித்தை இங்கே உதவாது. 2014-ல் கம்பெனி அந்த ஆய்வுக்கூடத்தை மூடியது. சேர்மம் மட்டும் கைமாறி, டி.பி.ஏ.-7371 என்ற பெயரில் மனிதர்களிடம் சோதனைக்குப் போனது.

புதிய காசநோய் மருந்து எதையும் நோயாளிக்குத் தனியாகக் கொடுத்துப் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு வாரம் மட்டுமே. நாள்தோறும் கோழையில் உள்ள கிருமியின் எண்ணிக்கை எவ்வளவு இறங்குகிறது என்று அளந்துவிட்டு, உடனே முழுக் கூட்டு மருந்துக்கு மாற்றிவிடுவார்கள். அதற்கு மேல் போனால் 1948-ல் கண்டதுபோல, மசியாத அந்த நூறு கிருமிகள் தலைதூக்கும்.