ஓ.டி.பி-யே வராமல் அக்கவுன்ட் பறிபோகும்... `க்ராக்' சாஃப்ட்வேரில் ஒளிந்திருக்கும் பாஸ்வேர்டு திருடன்!

ரீல்ஸ் எடிட் பண்ண நல்ல சாஃப்ட்வேர் வேணும். ஒரிஜினலுக்கு மாசா மாசம் பணம் கட்டணும். யூடியூபில் தேடினால் `ஃபுல் வெர்ஷன் ஃப்ரீ' என்று ஒரு வீடியோ. டிஸ்கிரிப்ஷனில் லிங்க், கீழே `சூப்பர் ப்ரோ, வொர்க் ஆகுது' என்று வரிசையாக கமென்ட்ஸ். லேப்டாப்பில் டவுன்லோடு பட்டனைத் தட்டப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

ஜிப் ஃபைலுக்கு எதுக்கு பாஸ்வேர்டு?

இந்த மாதிரி லிங்க்கில் வருவது பெரும்பாலும் ஒரு ஜிப் ஃபைல். திறக்க `1234' மாதிரி ஒரு பாஸ்வேர்டும் கொடுத்திருப்பார்கள். எல்லோருக்கும் தெரிகிற பாஸ்வேர்டை எதுக்குப் போடணும்? உங்களைத் தடுக்க இல்லை, ஆன்டிவைரஸைத் தடுக்க. பூட்டிய ஜிப்புக்குள் என்ன இருக்கிறது என்று அதனால் பார்க்க முடியாது. அடுத்து, `இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிடுங்க' என்பார்கள். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

உள்ளே இருப்பது `இன்ஃபோஸ்டீலர்' என்ற திருட்டு புரோகிராம். `ரெட்லைன்', `லும்மா' எல்லாம் இந்த ரகம்தான். இவற்றை உருவாக்குபவர்கள் மாத வாடகைக்கு விடுகிறார்கள்; யார் வேண்டுமானாலும் வாங்கிப் பரப்பலாம். 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை, இரண்டே மாதங்களில் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் லும்மா புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது.

போனில் சேவ் பண்ணியதும் போகுமா?

போகும். குரோமில் சின்க் ஆன் செய்திருந்தால், போனில் சேவ் செய்த பாஸ்வேர்டுகள் லேப்டாப்புக்கும் வந்துவிடும். அவற்றை பிரவுசர் பூட்டித்தான் வைத்திருக்கிறது. ஆனால், சாவியும் அதே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. நீங்களே `ரன்' கொடுத்த புரோகிராம் உங்கள் பெயரில் ஓடுவதால், நீங்கள்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்து விண்டோஸ் பூட்டைத் திறந்துவிடும். 2024 ஜூலையில் விண்டோஸ் குரோமுக்கு கூகுள் கூடுதல் பூட்டு ஒன்றைப் போட்டது. சில மாதங்களிலேயே அதையும் தாண்டும் வழியைத் திருடர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

`எனக்குத்தான் ஓ.டி.பி இருக்கே' என்கிறீர்களா? ஒருமுறை லாகின் செய்துவிட்டால், இன்ஸ்டாகிராம் உங்களிடம் தினமும் பாஸ்வேர்டு கேட்பதில்லை அல்லவா? காரணம், `இவர் ஏற்கெனவே உள்ளே வந்தவர்' என்று பிரவுசரில் இருக்கும் குக்கீ என்ற அடையாளச் சீட்டு. ஸ்டீலர் அதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகிறது. அந்தச் சீட்டைத் தன் பிரவுசரில் வைத்துக்கொள்பவரிடம் பல தளங்கள் பாஸ்வேர்டும் கேட்காது, ஓ.டி.பி-யும் கேட்காது.

எக்ஸ்டென்ஷன் வழியாகவும் வருவான்!

`ரிலைட்' என்ற திருட்டு எக்ஸ்டென்ஷன், கூகுள் டிரைவ் எக்ஸ்டென்ஷன் போல வேஷம் போட்டு குரோம், எட்ஜ், பிரேவ் பிரவுசர்களில் உட்கார்ந்தது. லேப்டாப்பில் chrome://extensions என்று டைப் செய்து பாருங்கள். நீங்கள் போடாதது எதுவும் இருந்தால் உடனே தூக்குங்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது "Read and change all your data on all websites" என்று கேட்டால், நீங்கள் எல்லாத் தளங்களிலும் பார்ப்பதையும் டைப் செய்வதையும் அதனால் படிக்க முடியும் என்று அர்த்தம். ஸ்கிரீன் கலரை மாற்றும் எக்ஸ்டென்ஷனுக்கு அவ்வளவு அனுமதி தேவையா என்று யோசியுங்கள்.

ஏற்கெனவே இன்ஸ்டால் பண்ணிட்டேனே...

`ஸ்கேன் பண்ணினேன், ஒண்ணும் இல்லை' என்று நிம்மதியாக இருக்க முடியாது. பல ஸ்டீலர்கள் வேலை முடிந்ததும் தங்களையே அழித்துக்கொள்ளும். பலர் செய்யும் தப்பு, பதறிப்போய் அதே லேப்டாப்பில் பாஸ்வேர்டை மாற்றுவது. அது இன்னும் உள்ளே இருந்தால் புது பாஸ்வேர்டும் போய்விடும். அதனால், இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. லேப்டாப்பில் இன்டர்நெட்டை கட் பண்ணுங்கள்.

2. போனை எடுத்து முதலில் ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்ற அக்கவுன்ட்களை மீட்கும் சாவி அதுதான். பிறகு myaccount.google.com/device-activity பக்கத்தில் அந்த லேப்டாப்பையும், தெரியாத டிவைஸ்களையும் சைன் அவுட் செய்யுங்கள். திருடிய சீட்டு செல்லாமல் போக இந்த சைன் அவுட் அவசியம்.

3. அடுத்து பேங்க், இன்ஸ்டாகிராம், மற்றவை. எல்லாவற்றிலும் பாஸ்வேர்டை மாற்றுவதோடு, வேறு டிவைஸ்களில் இருக்கும் லாகின்களையும் வெளியேற்றுங்கள்.

4. கடைசியாக, போட்டோ, டாக்குமென்ட்களை மட்டும் காப்பி செய்துகொண்டு, லேப்டாப்பை முழுசாக அழித்து விண்டோஸை ரீ-இன்ஸ்டால் செய்யுங்கள். அந்த ஜிப் ஃபைல் திரும்ப வரக் கூடாது.

பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள், cybercrime.gov.in-லும் புகார் கொடுக்கலாம்.

சரி, ரீல்ஸ் எடிட்டிங்குக்கு என்ன பண்றது? `டாவின்சி ரிசால்வ்' சாஃப்ட்வேருக்கு அந்த நிறுவனமே இலவச வெர்ஷன் தருகிறது. அவர்களுடைய தளத்திலேயே டவுன்லோடு செய்யலாம். ஜிப்புக்கு பாஸ்வேர்டும் வேண்டாம், ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணவும் வேண்டாம்!